லாபிரின் ஒல்லாந்து மணிக்கூடு

பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. லாபிர் சைக்கிளில் ஆலைப் பக்கம் போனால் ஏழு ஐம்பது. திரும்பி வந்தால் ஐந்து பத்து. நடுவில் அவர் தெருவில் தென்பட்டால் ஊரில் ஒன்று பெருநாளாக இருக்கவேண்டும், இல்லையென்றால் மௌத்தாக, யாரோ இறந்த நாளாக இருக்கவேண்டும்.

லாபிர் பதுர்தீன் ஹாஜியாரின் தேங்காய்த் தும்பாலையில் மனேஜர். வயது நாற்பத்து நான்கு. இடது கையில் ஒரு மணிக்கூடு, சட்டைப் பையில் இன்னொன்று. பைக்குள் இருப்பது கையில் இருப்பதைக் கண்காணிக்க. அவரைக் கண்காணிக்க ஒருவரும் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் தொடக்கம்.

நேரத்தின்மேல் அவருக்கு வந்த பற்று சும்மா வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் சொன்னபோது லாபிருக்கு இருபது வயது. வாப்பா கடைத் திறப்புக் கோர்வையைத் தேடினார், உம்மா அழுதா, லாபிர் மட்டும் கையைத் திருப்பி மணி பார்த்தார். இன்னும் ஒரு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் இருக்கிறது என்று வீட்டாருக்கு அறிவித்தார். பிறகு ஒன்று முப்பது, பிறகு ஒன்று. சாமான் கட்ட அவர் கை கொடுத்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. வெளியேறும் வழியில் துவக்கோடு நின்ற ஒரு பையன் அந்த மணிக்கூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டான். புத்தளத்து அகதி முகாமுக்கு வந்தபின் ஓலைக் கொட்டிலுக்கு முன்னால், பாய்க்கு முன்னால், லாபிர் கடன் வாங்கிக் கட்டியது ஒரு மணிக்கூடு.

மூன்று வருடம் கழித்து ஓர் உப்பளத்தில் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் டைம் கீப்பர். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் அடித்து வேலை தொடங்க வைப்பதும், முடிய வைப்பதும், பிந்தி வருகிறவளின் பெயருக்கு எதிரே கோடு போடுவதும் கடமை. பாத்தியில் உப்பு வாருகிற பெண்களுக்குக் காலில் வெடிப்பு எரிந்ததை விட லாபிரின் கோடு அதிகம் எரிந்தது. ஐந்து நிமிடம் பிந்தினால் கால் நாள் வெட்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அது பிள்ளையின் பிழை.

தொண்ணூற்றாறில் நாட்டில் மின்சாரம் போதவில்லை என்று அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியது. சில மாதத்தில் அதில் பாதியைப் பின்னே இழுத்தது. சனங்கள் பத்து வருடமாகக் கல்யாணக் கடிதத்தில்கூட "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுக் குழம்பினார்கள். இரண்டாயிரத்தாறில் திரும்பவும் பழையபடியே ஆயிற்று. மூன்று தடவையும் உப்பளத்து மணிக்கூட்டைத் தன் கையால் திருப்பியவர் லாபிர். "அரசாங்கம் ராவைக்குச் சொல்லிச்சு, நான் விடியக் காலம திருப்பிட்டன்" என்று அதைத் தானும் அரசாங்கமும் சேர்ந்து எடுத்த முடிவு போலத்தான் சொல்லுவார்.

இப்படிப்பட்ட மனுசன் ஹாஜியாருக்குப் பிடித்துப் போனதில் வியப்பில்லை. பதுர்தீன் ஹாஜியார் பரம்பரையாகப் புத்தளத்தார், தென்னந்தோட்டக்காரர், எந்தக் கூட்டத்துக்கும் பிந்தியே போகிறவர். தனக்கில்லாததைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவர். யுத்தம் முடிய, வெளிநாட்டு வியாபாரம் சூடுபிடித்தது. தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூளைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அமுக்கினால் வெள்ளைக்காரன் அதில் தக்காளி நடுகிறான் என்று தெரியவந்தது. எருவென்று ஓசிக்குக் கொடுத்த தூள் ஏற்றுமதிப் பண்டமானது. டைம் கீப்பர் லாபிர் மனேஜர் லாபிரானார். தண்டவாளத் துண்டும் கூடவே வந்தது.

முதலில் வாங்கியது துபாய்க்காரன். லாபிர் கந்தோர்ச் சுவரில் ஒரு மணிக்கூட்டை மாட்டி, நம் நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால் வைத்து, கீழே 'துபாய்' என்று எழுதி ஒட்டினார். அடுத்தவன் ஜப்பான்காரன். இன்னொரு மணிக்கூடு, மூன்றரை மணித்தியாலம் முன்னால். நான்கு வருடம் இரண்டும் இம்மி பிசகவில்லை. பற்றரி மாற்றுவதைத் தவிர அவற்றுக்கு அவர் ஒன்றும் செய்யவேண்டி வரவில்லை. அதிலிருந்து லாபிர் ஒரு சட்டம் கண்டுபிடித்தார்: நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே உள்ள நேரம் கடலைப் போன்றது, அதன் அகலம் மாறாது.

அந்த வருடம் மே மாதம் ஒல்லாந்துக்காரன் வந்தான். ஒல்லாந்தர் இந்தக் கரைக்குப் புதியவர்கள் அல்ல. கல்பிட்டியில் அவர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லையும் அவர்கள்தான் விட்டுப் போனார்கள். இந்த முறை வந்தவன் கோட்டை கட்டவில்லை, ஒப்பந்தம் எழுதினான். இருபத்தெட்டுப் பக்கம். அதில் பதினோராம் வாசகம்தான் உயிர். அடுத்த வருடம் முழுவதற்குமான ஓடர் வேண்டுமென்றால், தூளில் உப்பு அளவோடு இருக்கிறதென்ற பரிசோதனை அறிக்கையும், இவ்வளவு தருகிறோம் என்று கையொப்பமிட்ட உறுதிப் பத்திரமும் ஒக்டோபர் முப்பத்தொன்று பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னர் மின்னஞ்சலில் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பிய நேரமல்ல, சேர்ந்த நேரம்தான் கணக்கு. பிந்தினால் அவன் வேறு எவரிடமும் வாங்கலாம். 'நேரங்கள் யாவும் வாங்குபவரின் இடத்தில் அன்றைக்கு நடைமுறையிலுள்ள நேரமே' என்று கடைசியில் ஒரு வரி.

அந்த வரியை லாபிர் ஹாஜியாருக்கு உரக்க வாசித்துக் காட்டினார். "அன்றைக்கு நடைமுறையிலுள்ள" என்ற இடத்தில் அவருடைய குரல் தடுக்கவில்லை. தடுக்கியிருக்க வேண்டும்.

கந்தோரில் கணினி பார்ப்பவள் றைஸா, உயர்தரம் முடித்த பிள்ளை. வித்தியாசம் எவ்வளவென்று அவள்தான் தேடிச் சொன்னாள். மூன்றரை மணித்தியாலம், அவர்கள் பின்னால். அத்தோடு நிறுத்தாமல், "லாபிர் நானா, இதுல கோடைகால நேரம் எண்டு போட்டீக்கி" என்றும் சொன்னாள்.

"கோடை எண்டா மணிக்கூடு வெயிலுக்கு வேகமா ஓடுமா மகள்?" என்று கேட்டார் லாபிர். கந்தோரில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். றைஸா கணினியை மூடினாள். மூன்றாவது மணிக்கூடு சுவரில் ஏறியது. அதன் கீழே 'ஒல்லாந்து' என்று அழகான எழுத்து.

இந்தக் காரியத்தில் லாபிருக்குச் சொந்தமாகவும் ஓர் ஆசை இருந்தது. ஒல்லாந்து ஓடர் முழுதாகக் கிடைத்தால் பாலாவி ஆலை போதாது, எத்தாளையில் பூட்டிக் கிடக்கும் கொட்டகையைத் திறந்து இரண்டாவது ஆலை போடுவேன், அதற்குப் பொறுப்பு நீங்கள்தான் என்று ஹாஜியார் வாக்குக் கொடுத்திருந்தார். தனிக் கந்தோர், சுழலும் கதிரை, வாசலில் பெயர்ப்பலகை. பலகையை லாபிர் இரகசியமாக எழுதுவித்து வீட்டு அலுமாரிக்கு மேலே பழஞ்சீலையில் சுற்றி வைத்திருந்தார். பெண்சாதி பளீலா தூசு தட்டும்போதெல்லாம் அதையும் தட்டி வைப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

ஆலையில் தூள் கழுவும் தொட்டியடியில் நிற்பவள் கத்தரினா. மாம்புரிக்காரி, ஐம்பது வயது தாண்டியவள், கையெழுத்துப் போடமட்டும் தெரிந்தவள். அவளுடைய மகன் இத்தாலியில் ஒரு கிழவனைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான். அங்கே பகல் பன்னிரண்டு அடிக்கும்போது கிழவனின் மகள் சாப்பாடு கொண்டு வருவாள். அந்த இடைவெளியில் இவன் தாய்க்குப் பேசுவான். ஆலையில் பின்னேரத் தேத்தண்ணி மூன்றரைக்கு. கத்தரினா கோப்பையைக் கையில் எடுக்க, இடுப்பில் செருகிய போன் அடிக்கும். ஆறு மாதமாக ஒரு நாளும் தவறாத ஒழுங்கு. லாபிருக்கே அதில் ஒரு மரியாதை இருந்தது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு போய்த் திங்கட்கிழமை வந்தது. மூன்றரைக்குப் போன் அடிக்கவில்லை. நாலரைக்கு, தொட்டியில் முழங்கை வரை கை விட்டு நிற்கும்போது அடித்தது. கத்தரினா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். லாபிர் வரவுக் கொப்பியை எடுத்தார். 'திங்கள் 4.30 கத்தரினா தொலைபேசி, கால் நாள் வெட்டு.'

செவ்வாயும் அப்படியே. அவள் கந்தோருக்கு வந்து காரணம் சொன்னாள். குளிர்காலம் வருகிறது, அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே வைத்துவிட்டார்கள், வருடா வருடம் செய்கிறதுதான் என்றாள். லாபிர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மின்சாரம் போதாமல் அரசாங்கம் மணிக்கூட்டைத் திருப்புவதைத் தன் கையாலே செய்தவன் தான் என்றும், அது நம்மைப்போல் வக்கற்ற நாடு செய்யும் வேலையென்றும், காசுள்ள நாட்டுக்கு அது என்னத்துக்கு என்றும் விளக்கம் கொடுத்தார்.

"மணிக்கூடு மாறல்ல கத்தரினா. ஒன்ட மகன்தான் மாறியிருக்கான். ஒரு பொம்புளைப் பிள்ளை சம்பந்தமா இருக்கும், பாரு."

புதனும் வியாழனும் கொப்பியில் இன்னும் இரண்டு வரி ஏறின. கத்தரினா மகனை நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. கிழவனின் சாப்பாட்டை மாம்புரியிலிருந்து மாற்ற முடியாதென்று அவளுக்குத் தெரியும்.

அதே கிழமையில் கந்தோரிலும் ஒரு அதிசயம் நடந்தது. ஒல்லாந்துக் கம்பனியின் ஆள் காலையில் வேலைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு மின்னஞ்சல் போடுவான். நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை என்றால் அது வந்துவிடும். இந்தக் கிழமை முழுக்க அது ஒன்றரைக்கு வந்தது. றைஸா அதைச் சொன்னபோது லாபிருக்கு ஒரே சந்தோசம். வெள்ளைக்காரனும் நம்மட ஆக்களைப் போலப் பிந்தப் பழகிவிட்டான் என்றார். ஒருவனைக் கால் நாள் வெட்ட முடியாத துக்கமும் அந்தச் சந்தோசத்தில் கலந்திருந்தது.

வெள்ளிக்கிழமை. ஒக்டோபர் முப்பத்தொன்று.

உறுதிப் பத்திரம் முதல்நாளே கையொப்பமாகித் தயாராக இருந்தது. கொழும்பு ஆய்வுகூடத்து அறிக்கை மட்டும் பாக்கி. காலையில் பத்து மணிக்கு என்றார்கள். பிறகு ஜும்ஆத் தொழுகை நேரம் கழித்து என்றார்கள். இரண்டரைக்குக் கேட்டபோது கையொப்பம் வைக்கவேண்டிய அம்மா சாப்பிடப் போயிருக்கிறா என்றார்கள். மூன்று மணிக்கு மின்சாரம் நின்றுவிட்டதென்றார்கள். அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டும் லாபிர் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஹாஜியார் வழமைபோல் புத்தளத்தில் யாரோடோ பகல் சாப்பாட்டில் இருந்தார்.

மூன்று இருபத்தைந்துக்கு லாபிர் எழும்பி ஒல்லாந்து மணிக்கூட்டின் கீழ் போய் நின்றார். றைஸா மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஒல்லாந்தில் பன்னிரண்டு.

இன்னொருவராக இருந்தால் கொஞ்சம் பொறுத்திருப்பார். அரை மணித்தியாலம் தாருங்கள் என்று கெஞ்சியிருப்பார். ஆய்வுகூடத்தையாவது திட்டியிருப்பார். லாபிர் டைம் கீப்பர். பிந்தினவர்களுக்கு இருபது வருடம் கோடு போட்ட மனுசன், தான் பிந்தியதும் தனக்கே கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். அதில் ஒரு பெருமையும் இருந்தது. றைஸாவைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டு, இரண்டு விரலால் அவரே கடிதம் தட்டினார். குறித்த நேரம் கடந்துவிட்டது, நாங்கள் தவறிவிட்டோம், பதினோராம் வாசகத்தின்படி தாங்கள் வேறு எவரிடமும் வாங்கிக்கொள்ளலாம், நேரந்தவறாமையை மதிக்கும் மனிதன் என்ற வகையில் சாட்டுச் சொல்ல விரும்பவில்லை. நல்ல ஆங்கிலம், ஒரு பிழையும் இல்லை. சரியாக மூன்று முப்பத்தாறுக்கு அனுப்பினார்.

பிறகு வெளியே போய்த் தேத்தண்ணிக்குத் தண்டவாளத்தை அடித்தார். ஏழு நிமிடம் பிந்தி. அந்த ஆலையில் அப்படி ஒன்று நடந்ததில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ மௌத்தாகிவிட்டார் என்றே நினைத்தார்கள்.

கந்தோர் யன்னலடியில்தான் தேத்தண்ணி வாளி. உள்ளே றைஸா முந்தானையால் கண்ணைத் துடைப்பதைக் கத்தரினா கண்டாள். என்ன பிள்ளை என்று கேட்க, ஒல்லாந்தில் பன்னிரண்டு ஆகிவிட்டது, ஓடர் போய்விட்டது என்றாள் அவள். கத்தரினா கோப்பையை யன்னல் கட்டில் வைத்துவிட்டு, ஈரக்காலோடு கந்தோருக்குள் வந்தாள். ஈரக்காலோடு கந்தோருக்குள் வருவதும் வெட்டுக்குரிய குற்றம்தான்.

"மாத்தயா, அங்க இன்னும் பன்னிரண்டு ஆவல்ல."

லாபிர் சுவரைக் காட்டினார்.

"அது ஒங்கட மணிக்கூடு" என்றாள் கத்தரினா. "என்ட மகன் இன்னும் எடுக்கல்ல. அவன் எடுக்குமட்டும் அங்க பன்னிரண்டு அடிக்காது."

"ஒன்ட மகன் இருக்கிறது இத்தாலியில."

"ஒல்லாந்தும் அந்தப் பக்கம்தானே? ரெண்டுக்கும் ஒரே மணி எண்டு அவன் சொல்லியிருக்கான். மாம்புரியில எத்தின பேர் அங்க இரிக்காங்க, கேட்டுப் பாருங்களன்."

றைஸா மெதுவாகக் கணினிக்கு முன்னால் போய் அமர்ந்தாள். ஒல்லாந்துக்காரனின் போன கிழமைக் கடிதத்தையும் இன்றைய கடிதத்தையும் திறந்து, மேலே உள்ள பொடி எழுத்துக்களை விரித்தாள். இரண்டிலும் அவன் அனுப்பிய நேரம் காலை ஒன்பதுதான். போன வெள்ளியில் அதன் பக்கத்தில் கூட்டல் இரண்டு என்றிருந்தது. இன்றைக்குக் கூட்டல் ஒன்று. உலகப் பொது நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் இருந்த நாடு ஒரு மணித்தியாலமே முன்னால் வந்திருந்தது. நாங்கள் ஐந்தரை. ஐந்தரையில் ஒன்று போனால் நாலரை.

"நானா, நாலரை மணித்தியால வித்தியாசம். அங்க இப்ப பதினொண்டே கால். இன்னும் முக்கால் மணித்தியாலம் இரிக்கி."

லாபிர் நம்பவில்லை. கணினி ஆள் வைத்தபடி காட்டும் சாமான் என்றார். அப்படியென்றால் ஒல்லாந்துக்கே எடுத்துக் கேட்போம் என்றாள் றைஸா. அதுதான் அவரால் முடியாத காரியம். ஊரே மணி கேட்கும் மனுசன், கடல் தாண்டி ஒரு வெள்ளைக்காரனிடம் மணி கேட்பதா? நான்கு நிமிடம் அவர் அந்தக் கேள்வியோடு கந்தோரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். அந்த நான்கு நிமிடத்துக்கு யாரும் வெட்டுப் போடவில்லை.

கத்தரினா காத்திருக்கவில்லை. போனை எடுத்து மகனுக்கு ஒரு அடி அடித்து வெட்டினாள். ஒரு நிமிடத்தில் அவன் திருப்பி எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். அம்மாவுக்கு என்ன, ஏன் இந்த நேரத்தில், கிழவன் இன்னும் சாப்பிடவில்லை என்று அவன் பதறினான்.

"ஒண்டுமில்லடா. அங்க மணி என்ன எண்டு மனேஜர் மாத்தயாவுக்குச் சொல்லு."

"மணியா? பதினொண்டு இருபது" என்றான் அவன். "ஏன், அவருட்ட மணிக்கூடு இல்லியா?"

லாபிர் போனுக்குக் கிட்டக் குனிந்து, ஒல்லாந்தில் எத்தனை மணி தம்பி என்று கேட்டார். தம்பி என்றது கத்தரினாவின் மகனை அவர் முதன்முதலாக மரியாதையாகச் சொன்ன சொல். அங்கேயும் அதேதான், போன ஞாயிறு விடியற்காலை எல்லா இடமும் ஒன்றாகத்தான் மாற்றினார்கள், மார்ச் கடைசி ஞாயிறு திரும்பவும் முன்னே தள்ளுவார்கள் என்றான் அவன். இது தெரியாமலா மனேஜர் என்று கேட்பதற்குள் தாய் போனை எடுத்துவிட்டாள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கொழும்பில் மின்சாரம் வந்தது. அறிக்கையும் வந்தது. தூளில் உப்பு அளவுக்குள்தான். றைஸா உறுதிப் பத்திரத்தையும் அறிக்கையையும் சேர்த்து, முன்னே போன கடிதம் தவறுதலானது, அதைத் தள்ளிவிடுங்கள் என்று ஒரு வரி எழுதி, நாலு மணி நாலு நிமிடத்துக்கு அனுப்பினாள். ஒல்லாந்தில் பதினொன்று முப்பத்துநாலு. கிடைத்தது என்று உடனே தானியங்கிப் பதில் வந்தது. லாபிர் கதிரையில் சாய்ந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது. கண்ணுக்குள் எத்தாளைப் பெயர்ப்பலகையும் திரும்பியிருக்க வேண்டும், "நான் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டன்" என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார்.

நாலு இருபதுக்கு மனுசன் எழுதிய பதில் வந்தது. ஒல்லாந்துக்காரன் மரியாதையாகவே எழுதியிருந்தான். உங்கள் ஆவணங்கள் நேரத்துக்குள் வந்தன, நன்றி. ஆனால் பதினொன்று ஆறுக்கு உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேறு எவரிடமும் வாங்கலாம் என்று அதில் நீங்களே எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, பதினொன்று இருபதுக்கு, அடுத்த வருடத் தேவையில் மூன்றில் ஒரு பங்கைத் தென்னிந்தியாவில் ஒருவருக்கு உறுதி செய்துவிட்டோம். மற்ற இரண்டு பங்கு உங்களுக்கே. பதினொரு மணிக்கே பன்னிரண்டு கடந்துவிட்டது என்று நீங்கள் எழுதியது ஏன் என்றுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்காதது அவனுக்கு மட்டுமல்ல. ஐந்து மணிக்கு வந்த ஹாஜியாருக்கும் விளங்கவில்லை. பல்லுக்குத்திக்கொண்டே முழுக் கதையையும் றைஸாவிடம் கேட்டார். கேட்டு முடித்து, இரண்டு பங்கு என்றால் இங்கேயுள்ள இயந்திரமே போதும்தானே என்றார். எத்தாளை என்ற பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது லாபிரின் காதில் விழுந்தது.

லாபிர் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். ஒல்லாந்துக்காரன் செய்தது பெரிய அநியாயம். ஒப்பந்தம் போட்ட ஆள் தன் மணிக்கூட்டை மாற்றுவதென்றால் மற்ற ஆளுக்கு ஒரு கடிதம் போடவேண்டாமா? நம் அரசாங்கம்கூட வானொலியில் சொல்லித்தானே திருப்பியது? இனிமேல் நேரம் மாற்றுவதென்றால் பதினான்கு நாளைக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்று புது ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் போடவேண்டும். ஒரு நாடு முழுவதும் பாலாவியில் அனுமதி கேட்டு மணிக்கூட்டைத் திருப்பவேண்டும் என்று அவர் கேட்டது வேடிக்கைக்கு அல்ல.

ஹாஜியார் மேசையிலிருந்த வரவுக் கொப்பியைச் சும்மா புரட்டினார். இந்தக் கிழமைப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. திங்கள் 4.30 கத்தரினா தொலைபேசி. செவ்வாய் 4.30 கத்தரினா தொலைபேசி. புதன் 4.30. வியாழன் 4.30. நல்ல வடிவான எழுத்து. போன கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை.

"லாபிர்," என்றார். "நாலு நாளா ஒங்களுக்கு அறிவிச்சுத்தானே இரிக்கி. நீங்களே எழுதி வெச்சீக்கிறீங்க. எழுதினதுக்கு அந்த மனுசியிட கூலியையும் வெட்டியீக்கிறீங்க."

லாபிர் பைக்குள் இருந்த மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். ஐந்து பத்து தாண்டியிருந்தது. அன்றைக்குச் சந்தியில் நின்றவர்களுக்கு பஸ் தவறியிருக்கலாம்.

வேலை போகவில்லை. வெட்டிய நாலு கால் நாளையும் ஹாஜியார் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பின்னேரத் தேத்தண்ணியை நாலரைக்கு மாற்றச் சொன்னார். லாபிர் தன் கையால் தண்டவாளத்தை நாலரைக்கு அடித்தார். மாம்புரிப் பெண்கள் அதற்கு இத்தாலித் தேத்தண்ணி என்று பெயர் வைத்தார்கள். ஒல்லாந்து மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னே போனது. அதன் கீழே 'இம்மணிக்கூடு ஆண்டுக்கு இருமுறை மாற்றப்படும், உத்தரவு: முகாமையாளர்' என்று ஒரு புதுக் காகிதம் ஒட்டப்பட்டது. சந்தியில் யாரும் கேட்டால், ஒல்லாந்துக்காரன் நேரத்தில் செய்த தில்லுமுல்லைத் தான் கண்டுபிடித்ததாகவே அவர் சொல்லிக்கொண்டார். பெயர்ப்பலகையைப் பளீலா கோழிக் கூட்டுக்குக் கதவாக்கினாள்.

மார்ச் கடைசி ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை வந்தது. றைஸா காலையிலேயே கணினியில் பார்த்துச் சொல்லிவிட்டாள். லாபிர் கேட்டார், தலையாட்டினார், ஆனால் மணிக்கூட்டைத் தொடவில்லை. மூன்று இருபத்தைந்துக்கு ஒரு ஸ்டூலை எடுத்துச் சுவரடியில் போட்டு ஏறினார். ஒல்லாந்து மணிக்கூட்டைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்துத் திருகில் விரலை வைத்துக்கொண்டு, யன்னல் வழியே தொட்டியடியைப் பார்த்தபடி நின்றார்.

சரியாக மூன்றரைக்குக் கத்தரினாவின் இடுப்பில் போன் அடித்தது. லாபிர் முள்ளைத் திருப்பத் தொடங்கினார். கத்தரினா யன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மனேஜர் முள்ளைத் திருப்பி முடித்து ஸ்டூலை விட்டு இறங்குமட்டும் போனை எடுக்காமல், அது அடிக்கட்டும் என்று விட்டாள்.